தூக்கக் கலக்கத்தில் தூரப் பயணம்: ஊருக்கு வண்டி ஓட்டி வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் பாதி வீடுகளில் யாராவது ஒரு பிள்ளை ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறது. தோட்டத்தில் வேலை குறைந்த பிறகு ஊர் இப்படித்தான் ஆகிவிட்டது. தீபாவளி, தைப்பூசம், கல்யாணம், காரியம் என்று எது வந்தாலும் அவர்கள் வேலை முடிந்த கையோடு ராத்திரியில் காடியை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள்.

நான் தோட்டக் கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருக்கிறேன். பிரஷர் பார்க்க வரும் அம்மாவிலிருந்து லோரி ஓட்டும் அண்ணன் வரைக்கும் இதைப் பற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

அலுப்பா இருக்கிறதும் தூக்கம் வர்றதும் ஒண்ணுதானே?

இல்லை. நாள் முழுக்கப் பால் மரம் வெட்டியவருக்கு உடம்பு அலுத்திருக்கும். உட்கார்ந்து ஒரு தே குடித்தால் அந்த அலுப்பு கொஞ்சம் குறையும். தூக்கம் வேறு. அது மூளையின் தேவை. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அது ஏறிக்கொண்டே போகும், தூங்கினால் மட்டும்தான் இறங்கும்.

இதோடு உடம்புக்குள் ஒரு கடிகாரமும் ஓடுகிறது. விடியற்காலை 2 மணியிலிருந்து 6 மணி வரைக்கும், அப்புறம் மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரைக்கும், அது நம்மைத் தூக்கத்துக்கு இழுக்கும். மத்தியானத் தூக்கத்துக்குச் சோறுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். வயிறு முட்டச் சாப்பிட்டால் அது கூடும் என்பது உண்மைதான், ஆனால் சாப்பிடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் கண் அசத்தும்.

எனக்குத் தூக்கம் வந்தா எனக்குத் தெரியாதா அண்ணே? கண்ணைத் தொறந்து வச்சிக்கிட்டுத்தானே ஓட்டுறேன்?

தூக்கம் வருகிறது என்று தெரியும். எந்த நொடியில் தூங்கிப் போவோம் என்பதுதான் தெரியாது. தூக்கம் மிகவும் சேர்ந்துவிட்டால் மூளை நம்மைக் கேட்காமலே சில நொடிகள் அணைந்து போகும். இதை மைக்ரோ தூக்கம் என்பார்கள். ஒரு நொடிக்கும் குறைவாக இருக்கலாம், பத்து நொடிக்கு மேலும் போகலாம். கண் திறந்தபடியே இருந்தாலும் பார்ப்பது எதுவும் மனதில் பதியாது. விழித்த பிறகும் பலருக்குத் தாங்கள் தூங்கியதே தெரிவதில்லை.

நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காடி ஒரு நொடியில் 30 மீட்டர் ஓடும். நான்கு நொடி மூளை அணைந்தால் 120 மீட்டர் தூரம் அந்தக் காடியை யாரும் ஓட்டவில்லை. காலும் பிரேக்குக்குப் போகாது. இந்த மாதிரி விபத்துகளில் பிரேக் பிடித்த டயர் தடமே இல்லாமல் போவது அதனால்தான்.

எந்த அறிகுறி வந்தா கண்டிப்பா நிறுத்தணும்?

கொட்டாவியும் கண் எரிச்சலும் முதலில் வரும். அப்போதே அடுத்த நிறுத்தம் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருக்கையில் சும்மா நெளிவது, காரணமில்லாமல் எரிச்சல் படுவது, கண்ணைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பது எல்லாம் அந்தக் கட்டம்தான்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். வேகம் தானாக 110-லிருந்து 85-க்கு இறங்கி மறுபடி ஏறும். சாலை ஓரத்துக் கோட்டில் சக்கரம் ஏறி 'டர்ர்ர்' என்று சத்தம் வரும். முன்னால் போகும் லோரி எப்போது இவ்வளவு கிட்டே வந்தது என்று திடுக்கிடுவீர்கள். கடைசியாகத் தாண்டிய பலகையில் என்ன எழுதியிருந்தது என்று யோசித்தால் நினைவுக்கு வராது. தலை ஒரு தடவை முன்னால் விழுந்து நிமிரும். இதில் ஒன்று நடந்தாலே மைக்ரோ தூக்கம் வந்திருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். திடுக்கிட்டதில் ஒரு தெம்பு வரும், 'இப்ப சரியாயிட்டேன்' என்று தோன்றும். சில நிமிடத்தில் அந்தத் தெம்பு அடங்கிவிடும், தூக்கம் அப்படியே இருக்கும்.

ராத்திரி கிளம்பினா ஜாம் இல்லை, வெயில் இல்லை, புள்ளைங்களும் தூங்கிடும். அதுதானே நல்லது?

எங்கள் ஊரில் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தம்பி காலை 5.30-க்கு எழுந்திருக்கிறார். சாயங்காலம் 7 மணிக்கு வேலை முடிகிறது. குளித்து, சாப்பிட்டு, பையைக் கட்டி, 9 மணிக்குக் கிளம்புகிறார். ஜொகூர் பாருவிலிருந்து கோலாலம்பூர் 330 கிலோமீட்டர், அங்கிருந்து ஈப்போ இன்னும் 200. ஈப்போவில் இறங்கி, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் சுங்கை சிப்புட் வர வேண்டும்.

10.30 மணிக்கு அவர் யோங் பெங் பக்கம் இருப்பார். எழுந்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களைத் தூங்க விடாமல் வைத்துச் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீத அளவுக்குப் போனது. மலேசியாவில் 2020 முதல் மது குடித்து ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், அதாவது அதே 0.05. ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத அந்தத் தம்பி, பயணத்தில் கால்வாசி தூரம் வருவதற்குள் அந்த நிலையைத் தொட்டுவிட்டார்.

கோலாலம்பூரை அவர் தாண்டும்போது மணி 1. தாப்பா வரும்போது 2.45, உடம்புக் கடிகாரம் பலமாக இழுக்கும் நேரம். ஈப்போவில் 3.30. விழித்து 22 மணி நேரம். இனி விளக்குக் குறைந்த பழைய சாலை, வீடு வந்தாச்சு என்ற நினைப்பு வேறு. ஜாம் இல்லை என்பது சரிதான், ஆனால் காலியான நேர் சாலையில் மூளைக்கு வேலையே இல்லை. அதுவும் தூக்கத்தைக் கூட்டும்.

அதே தம்பி 9.30-க்குப் படுத்து, 4 மணிக்கு எழுந்து, 5 மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் வாக்கில் வீட்டில் இருப்பார். கோலாலம்பூர் பக்கம் ஜாம் பிடித்து இரண்டு மணி நேரம் கூட ஆனாலும் அவர் விழித்தது பத்து மணி நேரம்தான். முதல் ஒன்றரை மணி நேரம் இன்னும் இருட்டாக இருக்கும், அதில் மட்டும் கவனம் தேவை. 'அம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க' என்பார்கள். அந்த அம்மாக்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள், எனக்குத் தெரியும். பிள்ளை ராத்திரி ஓட்டி வருகிறான் என்றால் அவர்களும் தூங்குவதில்லை.

கோப்பி ஓ கெட்டியா ரெண்டு கிளாஸ் போட்டா விடியிற வரைக்கும் தாங்குமே?

தாங்காது. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே இருக்கும். அது போய் உட்காரும் நாற்காலிகள் மூளையில் இருக்கின்றன. அது உட்கார்ந்தால்தான் தூக்கம் வரும். காப்பியில் உள்ள காஃபின் அந்த நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அடினோசின் குறைவதில்லை, பக்கத்தில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். காஃபின் இறங்கியதும் அத்தனையும் ஒன்றாக வந்து உட்காரும்.

இன்னொரு சிக்கல், அது வேலை செய்ய ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். காப்பியைக் குடித்துவிட்டு உடனே காடியை எடுப்பவர், அந்த அரைமணியில் 50 கிலோமீட்டர் தூக்கத்தோடுதான் ஓட்டுகிறார். வாயில் கசப்பு இருக்கிறது, கையில் சூடு பட்டது, அதனால் விழித்துவிட்டதாக நினைக்கிறார்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ரெய்னரும் ஹோர்னும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், விடியற்காலையில் ஆட்களுக்கு 200 மில்லிகிராம் காஃபின் கொடுத்து, பயிற்சிக் கருவியில் வண்டி ஓட்ட வைத்தார்கள். அது ஏறக்குறைய இரண்டு கப் காப்பியின் அளவு. முந்தின இரவு கொஞ்சமாவது தூங்கியவர்களுக்கு அது இரண்டு மணி நேரம் உதவியது. ஒரு பொட்டுக்கூடத் தூங்காதவர்களுக்கு அரைமணி நேரம்தான். நம் தம்பி தாப்பாவில் 2.45-க்குக் குடிக்கும் காப்பியை அந்த இரண்டாவது கூட்டத்தின் கணக்கில்தான் நான் வைப்பேன்.

அப்ப எனர்ஜி டிரிங்க், த்ரீ-இன்-ஒன்?

உள்ளே இருப்பது அதே காஃபின்தான். சாதாரண 250 மில்லி டின் எனர்ஜி டிரிங்கில் 80 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டில் சீனியும் பால்மாவும்தான் அதிகம், காப்பி கொஞ்சம். நம் கடைகளில் போடும் கோப்பி ஓ பெரும்பாலும் ரோபஸ்டா கொட்டை. அராபிகாவைவிட அதில் காஃபின் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கடைக்காரர் எவ்வளவு தூள் போட்டார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு கிளாஸும் மாறும். தே தாரிக்கில் இன்னும் குறைவு.

அப்போ காப்பியே குடிக்கக் கூடாதுன்னு சொல்றீங்களா?

குடிக்கலாம், ஒரு குட்டித் தூக்கத்தோடு சேர்த்துக் குடிக்க வேண்டும். மேலே சொன்ன அந்த அரைமணித் தாமதம் இங்கே நமக்குச் சாதகமாகிறது. ஆர் அண்ட் ஆரில் வெளிச்சமான இடத்தில் நிறுத்துங்கள். காப்பியை ஆற விட்டு, பேசிக்கொண்டே சொட்டுச் சொட்டாக உறிஞ்சாமல் ஐந்து நிமிடத்தில் குடித்து முடியுங்கள். போனில் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து, கண்ணை மூடுங்கள். தூக்கம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அரைத்தூக்கமும் உதவும். அலாரம் அடிக்கும் நேரத்தில் காஃபினும் ஏறத் தொடங்கியிருக்கும். இறங்கி முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்து, மண்டை தெளிந்த பிறகு காடியை எடுங்கள்.

இருபது நிமிடம் என்பதற்குக் காரணம் உண்டு. நாற்பது, ஐம்பது நிமிடம் போனால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடுவீர்கள். நடுவில் எழுப்பினால் அரைமணி நேரம் வரைக்கும் மந்தமாக இருக்கும், அந்த நேரத்தில் ஓட்டுவது ஆபத்து. ஒன்று இருபது நிமிடம், இல்லையென்றால் நன்றாக இரண்டு மணி நேரம் தூங்குங்கள். இந்தக் காப்பித் தூக்கமும் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குத்தான். தாப்பாவில் செய்தால் சுங்கை சிப்புட் வந்து சேரலாம். ஆயர் கெரோவில் அதையே செய்துவிட்டு வீடு வரைக்கும் வந்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

நான் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறங்கி நடக்கிறேன். அது போதும்தானே?

பகலில், நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு அது போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 15 நிமிடம் என்பது நல்ல பழக்கம். முதுகு, கால், கண்ணுக்கு அது ஓய்வு. மாச்சாப், பாகோ, ஆயர் கெரோ, சிரம்பான், ராவாங், தாப்பா என்று வழியெல்லாம் ஆர் அண்ட் ஆர் இருக்கிறது.

ஆனால் முதல் கேள்வியில் சொன்ன வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். நடப்பது அலுப்பைத்தான் போக்கும். தூக்கம் சேர்ந்தவர் நடந்து, நாசி லெமாக் சாப்பிட்டு, சிகரெட் பிடித்துவிட்டு ஏறினால் கால்மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடுவார்.

ஆர் அண்ட் ஆர்ல ஏர்கோன் போட்டுட்டுக் கண்ணாடியெல்லாம் மூடித் தூங்கலாமா? வெக்கை தாங்கலையே.

கூடாது. எஞ்சின் ஓடினால் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமோ வாடையோ கிடையாது. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலோ, காடி ஒரே இடத்தில் சுவரை ஒட்டி நின்றாலோ அது உள்ளே வரலாம். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது, அப்படியே உயிர் போய்விடும். ஏர்கோனை உள்காற்றுச் சுழற்சியில் வைத்திருந்தாலும் பாதுகாப்பு என்று நம்ப முடியாது.

எஞ்சினை அணைத்து, இரண்டு பக்கமும் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள். இருபது நிமிடத்துக்கு ராத்திரியில் இது தாங்கும். பகல் வெயிலில் தாங்காது, அப்போது நிழலைத் தேடுங்கள், இல்லையென்றால் இறங்கி அங்கே கூரை போட்ட கொட்டகையில் சாய்ந்து கொள்ளுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் வெளியே கூட்டிப் போங்கள்.

அடுத்த ஆர் அண்ட் ஆர் 40 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. அவசரத் தடத்துல ஓரமா நிறுத்திக் கண்ணை மூடலாமா?

வேண்டாம். உங்களைப் போலவே தூக்கக் கலக்கத்தில் வரும் ஒரு லோரி ஓரத்துக் கோட்டைத் தாண்டினால் நேராக உங்கள் மேல்தான் ஏறும். காடி பழுதாகி வேறு வழியே இல்லாதவர்களுக்கான இடம் அது. ஆர் அண்ட் ஆருக்கு நடுவே சின்னச் சின்ன லே-பைகள் இருக்கின்றன, கழிப்பறையும் நிறுத்துமிடமும் அங்கே உண்டு. அதுவும் தூரம் என்றால் அடுத்த டோலில் வெளியேறி எண்ணெய் நிலையத்தில் நிறுத்துங்கள். டோல் காசு ஒன்றும் பெரிதில்லை.

கண்ணாடியை இறக்கி, பாட்டைச் சத்தமா வச்சா?

இதையும் அதே ரெய்னரும் ஹோர்னும் சோதித்தார்கள். முகத்தில் குளிர்ந்த காற்று, ரேடியோ, இரண்டுக்கும் கிடைத்த பலன் மிகக் கொஞ்சம், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். நிறுத்த இடம் தேடும் அந்த ஐந்து பத்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார்ல போறவனுக்குக் காத்து மூஞ்சில அடிக்குதே, அவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

வரும். காற்றால் தூக்கம் போகாது என்று இப்போதுதான் பார்த்தோம். அதற்கு மேல் காற்றின் அடியும் எஞ்சின் அதிர்வும் சீக்கிரம் களைப்பைக் கொடுக்கும். காடியில் கோட்டைத் தாண்டினால் திருத்திக்கொள்ள ஒரு நொடி கிடைக்கலாம். மோட்டாரில் அது கிடைக்காது. ஜொகூரிலிருந்து கப்சாய் மோட்டாரில் ராத்திரியில் பேராக் வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது, பஸ் டிக்கெட் எடுங்கள் என்பதுதான்.

நான் ஓட்ட மாட்டேன், வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து வருவேன். நான் என்ன பண்ணணும்?

நீங்கள் தூங்காமல் இருங்கள். பின்னால் எல்லாரும் குறட்டை விட்டால் ஓட்டுகிறவருக்கும் கண் சொக்கும். சும்மா 'தூக்கம் வருதா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக 'இப்ப எந்த ஊர் தாண்டினோம்?' என்று கேளுங்கள். யோசித்து யோசித்துச் சொன்னாலோ, பதில் பாதியில் நின்றாலோ, 'எனக்கு பாத்ரூம் போகணும், அடுத்ததுல நிறுத்துங்க' என்று சொல்லுங்கள். வாக்குவாதம் இல்லாமல் காடி நிற்கும்.

சளி மாத்திரை போட்டிருக்கேன், ஓட்டலாமா?

என்ன மாத்திரை என்று பெட்டியைப் பாருங்கள். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் என்று இருந்தால் ஓட்டாதீர்கள். மஞ்சள் நிறத்தில் கொடுக்கும் சின்ன அலர்ஜி மாத்திரை, இருமல் மருந்து, வாந்திக்குப் போடும் மாத்திரை என்று பலவற்றில் இவை இருக்கும். காப்பி குடித்து இதை ஈடுகட்ட முடியாது. லோராடடின் மாதிரி தூக்கம் குறைவாகத் தரும் மருந்துகள் இருக்கின்றன. தூரம் ஓட்டப் போவதாக மருந்தகத்தில் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

புதுக் காடி, கோட்டைத் தாண்டினா அதுவே சத்தம் போடும். இன்னும் பயம் எதுக்கு?

அந்தக் கருவி கோட்டைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. மழையில், கோடு அழிந்த பழைய சாலையில், வேகம் குறைவாகப் போகும்போது அது பேசாமல் இருக்கலாம். செம்மோர் சாலையில் ராத்திரி மழை என்றால் அதை நம்ப முடியாது. அது சத்தம் போட்டால், மூன்றாவது கேள்வியில் சொன்ன அறிகுறிகளில் ஒன்று வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

எங்க அப்பா லோரி ஓட்டுறார். எட்டு மணி நேரம் தூங்கியும் பகல்ல சிக்னல்ல நின்னாக்கூடக் கண் அசந்துடுறார். இது எதனால?

அவர் குறட்டை விடுகிறாரா என்று அம்மாவைக் கேளுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் சத்தமே இல்லாமல் மூச்சு நின்று, பிறகு திணறி இழுக்கிறார் என்றால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். ராத்திரி பல தடவை மூளை அரைகுறையாக விழித்துக்கொள்ளும், அவருக்கு அது நினைவிருக்காது. படுத்தது எட்டு மணி நேரம், ஆனால் தூங்கியது அவ்வளவு இல்லை. கழுத்து தடித்தவர்கள், எடை கூடியவர்கள், பிரஷர் உள்ளவர்களிடம் இது அதிகம். காலையில் தலைவலியோடு எழுவதும் ஓர் அடையாளம்.

இவருக்கு மேலே எழுதிய இருபது நிமிடத் தூக்கமும் காப்பியும் போதாது. அரசாங்க கிளினிக்கில் மருத்துவரிடம் காட்டுங்கள், தூக்கப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். முடிந்தால் அப்பா தூங்கும்போது போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக் கொண்டுபோங்கள். எனக்குக் குறட்டையே இல்லை என்று அவர் மருத்துவரிடம் சொல்வார், வீடியோவைப் பார்த்தால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். இரவில் முகமூடி வழியாகக் காற்று செலுத்தும் சிபாப் கருவி இதற்கு முக்கியமான சிகிச்சை. அது பொருந்தி, பகல் தூக்கம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரைக்கும், தூர ஓட்டத்தை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசுங்கள்.